மளிகைக் கடை பில்லில் பழைய பாக்கி மறுபடி ஏறிவிட்டது: மன்னிப்புக் கடிதத்தில் தொகையை எழுதலாமா?

கடைப்பொண்ணு_சிப்புட்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் எங்க மளிகைக் கடை. தோட்டத்து ஆளுங்களுக்கு மாதக் கணக்கு. ஜூலையில் கடன் கணக்கு எழுதற 555 புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறினோம். ஜூன் மாதப் பாக்கியை ஏற்றினோம். சம்பளம் வாங்கி ஜூலை முதல் வாரத்தில் அவங்க கட்டின பணத்தை ஏற்றாமல் விட்டுட்டோம். 46 குடும்பத்துக்கு ஜூன் பாக்கியும் சேர்ந்து பில் போயிருச்சு. பாதிப் பேர் கட்டியும் விட்டாங்க. "தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்னு மட்டும் எழுதி ஒட்டு, தொகை, நஷ்டஈடு எதுவும் எழுத்தில் வேணாம்"னு மாமா சொல்றார். எப்படி எழுதட்டும்?

ஈப்போ_வியாபாரி:
உங்க மாமா சொல்றதுதான் சரி, தங்கச்சி. எழுத்தில் தப்பை ஒத்துக்கிட்டா நாளைக்கு அந்தத் தாளையே எடுத்துக்கிட்டு வருவாங்க. கடைச் சுவரில் 46 பேர் கணக்கை ஒட்டினா யார் எவ்வளவு பாக்கி வச்சிருக்காங்கன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும், அது பெரிய அவமானம். அடுத்த மாதப் பில்லில் சத்தமில்லாமல் கழிச்சு விடுங்க. யாராச்சும் கேட்டா ஒரு அரிசி மூட்டை கொடுங்க. முடிஞ்சது.

பழைய_கிராணி:
தம்பி சொன்னதில் சுவரில் ஒட்டக்கூடாது என்கிறது மட்டும் சரி. கணக்கு அந்தந்த வீட்டுக்குத்தான் போகணும். மற்றதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்த மாதம் கழிச்சா, அந்த வீட்டுக்காரர் பணம் ஒரு மாதம் உங்க கல்லாவில் கிடக்குது. தோட்டத்தில் 7ஆம் தேதிக்குள் சம்பளம் வருது, அதில்தான் கடைக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் கட்டறாங்க. கூடுதலாக 200 வெள்ளி கட்டினவங்க அந்த மாதம் வேற எதையோ கட்டாமல் விட்டிருப்பாங்க.

ஒத்துக்கிட்டா ஆபத்து என்கிறதும் வீண் பயம். நீங்க கொடுத்த பில்லும் 555 புத்தகத்தில் உங்க கையெழுத்தும் அவங்க கையில் இருக்கு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக 5 ரிங்கிட் போதும், வக்கீல் தேவையில்லை. மன்னிப்புக் கேட்காமல் இருந்து அந்தச் சான்று எங்கேயும் போயிடாது.

பாப்பா, கடிதம் எழுதறதுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கு. கடையில் இருக்கிற புத்தகத்தில் ஜூலை முதல் தேதியிலிருந்து கம்ப்யூட்டரில் பதிய ஆரம்பிச்ச நாள் வரைக்கும் வாங்கின பணத்தைக் கூட்டுங்க. அதே நாள்களுக்குக் கம்ப்யூட்டரில் பதிவான பணத்தையும் கூட்டுங்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 46 பில்லில் கூடுதலாக ஏறின மொத்தத்தோடு காசு சுத்தமாக ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா 47ஆவது வீடு ஒண்ணு எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் கடிதம் போகக்கூடாது. இரண்டாவது தடவை மன்னிப்புக் கேட்டால் யாரும் நம்பமாட்டாங்க.

பானு_தைப்பிங்:
எனக்கும் இதே பிரச்சினைதான்! என் கைப்பேசி பில்லில் மூணு மாதமாக நான் கேட்காத சேவைக்குக் காசு பிடிக்கிறாங்க. போன் பண்ணினா "சரிபார்க்கிறோம்" என்கிறாங்க. மன்னிப்புக் கடிதம் கேட்டு வாங்கலாமா?

பழைய_கிராணி:
அம்மா, நீங்க பில் வாங்கினவங்க, இந்தப் பிள்ளை பில் கொடுத்தவங்க. உங்களுக்குக் கடிதத்தைவிடப் பணம்தான் முக்கியம். புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்கி வையுங்க. தனித் திரியில் கேளுங்க, சொல்றேன்.

தோட்டத்து_மகள்:
என் அம்மா இப்படி ஒரு கடையில் கணக்கு வச்சிருக்காங்க. பில் கூடுதலாக வந்தப்ப "நான்தான் மறந்திருப்பேன்"னு சொல்லி, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கட்டினாங்க. கடைக்காரர் மேல் சந்தேகமே வரலை, அவங்க மேலதான் வந்துச்சு. அதனால, "தவறு எங்களுடையது, நீங்க கட்டியது சரி"ன்னு கடிதத்தில் தெளிவாக இருக்கணும். கோளாறுன்னு எழுதினா யார் மறந்ததுன்னே தெரியாது.

இன்னொண்ணு, வட்ஸாப்பில் அனுப்பாதீங்க. "பணம் திரும்ப வரும், இதை அழுத்துங்க"ன்னு வர மோசடிச் செய்தியைப் பார்த்துப் பார்த்து எங்க லயத்தில் எல்லாரும் பயந்து கிடக்கிறாங்க. தாளில் எழுதி, பணத்தோடு நேரில் வாங்க.

கடைப்பொண்ணு_சிப்புட்:
கிராணி ஐயா, கூட்டிப் பார்த்தேன். வித்தியாசம் ஒத்து வரலை, ஒரு வீடு விட்டுப்போயிருந்தது. இப்ப 47. ஆனா எல்லாரும் முழு பில்லையும் கட்டலையே. ஒருத்தர் பாதி கட்டியிருக்கார், சிலர் இன்னும் கட்டவே இல்லை. எல்லாருக்கும் ஒரே கடிதம் எப்படிப் போகும்?

பழைய_கிராணி:
போகாது. கடிதம் ஒண்ணுதான், நடுவில் உள்ள எண்கள் வீட்டுக்கு வீடு மாறும். கூடுதலாக ஏறின தொகை வேற, திருப்பித் தர வேண்டிய தொகை வேற. நிறையப் பேர் சறுக்குறது இங்கேதான். பாதி கட்டினவரை வச்சு எழுதிக் காட்டறேன்:

"எங்கள் தவற்றால் உங்கள் ஜூலை பில் 434.55 ரிங்கிட் என்று வந்துவிட்டது. நீங்கள் ஜூலை 6ஆம் தேதி கட்டிய 236.40 ரிங்கிட்டை நாங்கள் கணினியில் பதியவில்லை. நீங்கள் சரியாகக் கட்டியிருந்தீர்கள். உங்கள் சரியான ஜூலை பில் 198.15. ஆகஸ்டில் நீங்கள் கட்டியது 300. ஆகவே உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது 101.85. அதை இந்தக் கடிதத்தோடு ரொக்கமாகத் தருகிறோம். எங்கள் தவற்றால் உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்காக, அதற்கு மேல் 10 ரிங்கிட் சேர்த்திருக்கிறோம். இந்தப் பணத்தை வாங்கிக்கொண்டாலும் கணக்கில் சந்தேகம் இருந்தால் 555 புத்தகத்தோடு கடைக்கு வாருங்கள், உடனிருந்து பார்ப்போம். மன்னித்துக்கொள்ளுங்கள்."

முழுசாகக் கட்டினவருக்கு 236.40 திரும்பும். கட்டாதவருக்குத் திருப்ப எதுவும் இல்லை, 198.15க்குப் புது பில் போகும். ஆனா அந்த 10 ரிங்கிட் அவருக்கும் உண்டு, பயந்துபோனது அவரும்தானே. திருப்பித் தருகிற பணத்தையே நஷ்டஈடுன்னு மட்டும் எழுதிடாதீங்க. அது அவங்க பணம்.

ஈப்போ_வியாபாரி:
ஐயா, கடிதம் நல்லாத்தான் இருக்கு. பாதி கட்டினவர் விஷயம் எனக்குத் தோணலை. ஆனா 47 வீட்டுக்கும் 10 ரிங்கிட்னா 470. சின்னக் கடை லாபத்தில் அது பெரிய தொகை. கட்டினவங்களுக்கு மட்டும் கொடுத்தா போதாதா?

தோட்டத்து_மகள்:
கடன் வாங்கிக் கட்டினவங்களுக்கு 10 ரிங்கிட் கம்மிதான் அண்ணே. கட்டாதவங்களுக்குக் கொடுக்கணுமா வேணாமான்னு எனக்கும் சொல்லத் தெரியலை. ஆனா பணமாகக் கொடுங்க, அரிசி மூட்டையாக வேணாம். வட்டிக்காரர் அரிசி வாங்கமாட்டார்.

கடைப்பொண்ணு_சிப்புட்:
மாமாவிடம் இந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். 10 ரிங்கிட் எல்லாருக்கும்னு சம்மதிச்சுட்டார். சனிக்கிழமை மாலை, வேலை முடிஞ்சு ஆளுங்க வீட்டில் இருக்கிற நேரத்தில் உறையோடு நானும் அவரும் போறோம். இன்னொரு சிக்கல்: தேடும்போது மூணு வீட்டுக்கு பில் குறைவாகப் போனதும் தெரிஞ்சுது. அதை இந்தக் கடிதத்திலேயே கேட்கலாமா?

பழைய_கிராணி:
இந்தக் கடிதத்தில் வேண்டவே வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற தாளில் கடனும் கேட்டால் மன்னிப்பு எடுபடாது. நானாக இருந்தால் அந்த மூணையும் விட்டுவிடுவேன்.

ஈப்போ_வியாபாரி:
அதை மட்டும் ஏத்துக்க முடியாது ஐயா. பொருள் போயிருக்கு, காசு வரணும். அடுத்த மாதம் அவங்ககிட்ட நேரில் பேசிக் கேட்கிறதில் தப்பில்லை.