நிழல்மீட்பா, நிழலேற்றமா?

தக்கலையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். ஒளிப்படத்தில் இருண்ட பகுதியை மட்டும் வெளிச்சமாக்கும் பணிக்கு "நிழல்மீட்பு" என்ற சொல்லை முன்வைக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனை முற்றத்தில் உச்சிவெயிலில் நான் எடுத்த படத்தில் தரை வெளுத்தும், ஓட்டுக் கூரையின் கீழுள்ள மரவேலைப்பாடு கருத்தும் கிடந்தன. மரம் இருக்கும் இடத்தை மட்டும் தேர்ந்து மாஸ்க் வரைந்து, ஒளியளவை 3 ஸ்டாப், அதாவது மும்முறை இருமடங்காக, உயர்த்தியதும் வேலைப்பாடு மீண்டுவிட்டது. ஆனால் கூடவே சிவப்பும் பச்சையுமான புள்ளிகளாக இரைச்சல் பிறந்துவிட்டது.

நாகர்கோவிலிலிருந்து:
ஐயா, இரைச்சல் உயர்த்தும்போது பிறப்பதில்லை; படம் எடுத்த கணத்திலேயே அங்கே இருக்கிறது. தரையைவிட மரம் 4 ஸ்டாப் இருண்டிருந்தால், அதற்குக் கிடைத்த ஒளி 16இல் ஒரு பங்குதான். ஒளித்துகள்கள் குறையும்போது அவற்றின் ஏற்ற இறக்கம் வர்க்கமூல அளவிலேயே குறைவதால், ஒளியோடு ஒப்பிட்ட இரைச்சல் மரத்தில் 4 மடங்காகிவிடுகிறது. நீங்கள் 3 ஸ்டாப் உயர்த்தும்போது மரமும் இரைச்சலும் சேர்ந்தே 8 மடங்கு பெருகுகின்றன. பதிவாகாத ஒளி எதுவும் மீள்வதில்லை என்பதால் "நிழலேற்றம்" என்பதே நேர்மையான சொல்.

டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில் இரைச்சல் நீக்கம் ஒளியளவு மாற்றத்துக்கு முன்பே நடக்கிறது. எனவே மாஸ்க்கை இரைச்சல் நீக்கும் பகுதியில் முதலில் வரைந்து, ஒளியளவுப் பகுதியில் `raster mask` என்பதைத் தேர்ந்து அதையே பயன்படுத்துங்கள். உயர்த்திய இடமும் நீக்கிய இடமும் அப்போது பிசகாமல் பொருந்தும். நிறப்புள்ளிகளைத் தாராளமாகவும், வெளிச்சப் புள்ளிகளை மிகக் குறைவாகவும் நீக்குங்கள். படத்தை 100 விழுக்காட்டில் பார்க்கும்போது மரத்தின் ரேகைகள் மெழுகு பூசியதுபோல் வழுவழுத்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். கூரை விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மாஸ்க் தரைக்குள் வழிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் 2 ஸ்டாப் போதும். உச்சிவெயில் நிழல் நிழலாகவே தெரிய வேண்டும்.

குளச்சலிலிருந்து:
நான் கைப்பேசியில் எடுத்த வள்ளத்தின் படத்திலும் இப்படிச் செய்து பார்த்தேன். புள்ளிகளுக்குப் பதில் கட்டங்கட்டமாகவும் பட்டைபட்டையாகவும் வருகிறது. இதுவும் இரைச்சல்தானே?

நாகர்கோவிலிலிருந்து:
இல்லை, நண்பரே. அது ஜேபெக் கோப்பு என்று நினைக்கிறேன். கட்டங்கள் கோப்பைச் சுருக்கியதால் வருபவை. பட்டைகள், நிறத்துக்கு 8 பிட் மட்டுமே இருப்பதால் வருபவை. இரைச்சல் நீக்கி இவற்றைச் சரிசெய்யாது. கைப்பேசியில் சென்சார் பதிவை அப்படியே சேமிக்கும் ரா வசதி இருந்தால், வானம் வெளுக்காத அளவுக்கு ஒளியைக் கூட்டி எடுங்கள். ஒரு ஸ்டாப் கூடினாலே நிழலுக்கு இருமடங்கு ஒளி கிடைக்கும்.

தக்கலையிலிருந்து:
விளக்கத்தை ஏற்கிறேன், "மீட்பு" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் "நிழலேற்றம்" என்று படிப்பவர் நிழலைக் கூட்டுவதாக அல்லவா எண்ணுவார்? "நிழலொளியேற்றம்" தெளிவாக இருந்தாலும் பொத்தானில் எழுத நீளம். மாஸ்க்கை "மறைப்பு" என்று தமிழில் சொல்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நாம் வரையும் இடம் மறைவதில்லை, அங்கேதான் வேலை நடக்கிறது. பிறர் கருத்தை அறிய விரும்புகிறேன்.