அகலக் கரைச் சேலைக்கு எந்த நிறத்தில் பிளவுஸ்?

தோழிகளே, ஒரு யோசனை வேணும். கரையே இல்லாத ஒற்றை நிறச் சேலைன்னா எனக்குக் குழப்பமில்லை. எதிர் நிறமோ, டிசைன் போட்டதோ, எதுவானாலும் எடுப்பா இருக்கும்.

இப்போ இருப்பது பாட்டில் பச்சைப் பட்டு. ஒரு சாண் அகலத்துக்கு அரக்குக் கரை, நிறைய ஜரிகை. கரை நிறத்திலேயே தைப்பதுதான் வழக்கம். ஆனா மடிப்பெடுத்துத் தோளில் குத்தினா கரை பிளவுஸ் மேலேயே விழுது. அரக்குத் துணியை வச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒண்ணாக் கலந்து கரை தனியாத் தெரியலை. பச்சையிலேயே தைச்சா கரை பளிச்சுன்னு தெரியும், ஆனா மொத்தமும் பச்சையாப் போயிடுமோன்னு தோணுது. மூணாவது நிறம் வேண்டவே வேண்டாம், இவ்வளவு ஜரிகையோட அது சண்டை போடும்.

அரக்கிலேயே ஒரு படி அடர்த்தியா, ஜரிகையில்லாத துணி எடுத்து, கை ஓரத்தில் பச்சை பைப்பிங் வச்சா சரியா வருமா? தைச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க. படம் இருந்தா இன்னும் நல்லது.