சின்ன ஊரில் கணக்கு வேலை: இல்லையா, நம் கண்ணில் படவில்லையா?

கவின்: பெருநகரத்தில் நான்கு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். வீட்டுச் சூழலால் சின்ன ஊருக்கு வந்துவிட்டேன். மூன்று மாதமாக வேலைத் தளங்களில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுகிறேன். காப்பீட்டு முகவர், டெலிவரி இரண்டும்தான் வருகின்றன. இங்கே உருப்படியான வேலையே கிடையாதா?

மாறன்: கிடையாது. நானும் ஒரு வருடம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். இருக்கிற நாலு நல்ல இடமும் முதலாளியின் மச்சானுக்குப் போய்விடும்.

தாமரை: மாறன் சொல்வது பாதிதான் சரி. நடுத்தர நிறுவனம் ஒன்றில் பல வருடமாக ஆள் எடுப்பது என் வேலை. நாங்கள் விளம்பரம் போடுவதே இல்லை. ஒரே ஒரு முறை போட்டோம். முந்நூறு விண்ணப்பம் வந்தது, முக்கால்வாசி வெளியூர். அதிலிருந்து எடுத்த இரண்டு பேரும் நகரத்தில் வேலை கிடைத்ததும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதோடு சரி. ஒரு வாரத்தில் இடம் நிரம்பிவிடும். மச்சானைப் போடுவதும் உண்டு. ஆனால் மச்சானுக்கு வரிக் கணக்கு தெரியாதே!

கவின், நீங்கள் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு நேரில் போங்கள். எந்த நிறுவனத்தின் கணக்கு ஒவ்வொரு மாதமும் தாமதமாக வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதைவிட நல்ல ஆள், கணக்கு மென்பொருள் விற்று நிறுவித் தருகிறவர். மென்பொருளை வாங்கிவிட்டு இயக்க ஆள் இல்லாமல் அவரையே தினமும் போனில் கூப்பிடுகிற இடங்கள் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும்.

ரவி: எதுக்கு இந்த அலைச்சல்? வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையாகத் தேடுங்கள். ஊர் எதுவானால் என்ன?

தாமரை: கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அந்த விளம்பரங்களைக் கடைசி வரி வரை படியுங்கள். 'வாரம் இரண்டு நாள் அலுவலகம்' என்று பலவற்றில் அடியில் இருக்கும். தேடலில் இன்னொரு கோளாறும் உண்டு. கிளைக்கு ஆள் எடுக்கும்போது சில நிறுவனங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் நகரத்தின் பெயரிலேயே விளம்பரத்தைப் போட்டுவிடும். வேலை உங்கள் ஊரில்தான், வடிகட்டியில் மட்டும் வராது. இட வடிகட்டியை எடுத்துவிட்டு, வேலைப் பெயரோடு உங்கள் மாவட்டத்தின் பெயரைச் சாதாரணத் தேடல் சொல்லாகப் போட்டுப் பாருங்கள்.

சுகந்தி: என் தம்பியும் கணக்குதான் படித்தான். அரசுத் தேர்வு எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே யாராவது பயிற்சி வகுப்பு நடத்துகிறீர்களா?

மாறன்: அம்மா, அது வேற பேச்சு, தனி இழையில் கேளுங்கள். தாமரை, வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஊரில் கணக்காளர் வைக்கிற இடம் மொத்தம் பத்து. முதலாளிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். சம்பளம் பத்தவில்லை என்று சண்டை போட்டு வெளியே வந்தால் அடுத்த கதவு எங்கே இருக்கிறது? நகரத்தில் தெரு தாண்டினால் இன்னொரு அலுவலகம்.

தாமரை: அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மைதான். அதனால்தான் ஒரே இடத்தை நம்பாமல், இரண்டு மூன்று சிறிய நிறுவனங்களுக்குப் பகுதி நேரமாகக் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சேருமுன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: முன்பு இந்த இடத்தில் இருந்தவர் இப்போது எங்கே? பதில் இழுபறியாக வந்தால் கவனம்.

கவின் (மூன்று வாரம் கழித்து): மென்பொருள்காரரைப் பார்த்தேன். இரண்டு இடம் சொன்னார். முதல் இடம் ஒரு ஆலை. இரவு எட்டு மணிக்கு முதலாளியே ஒற்றை விரலால் பில் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் பிரிக்காத உறைகள் ஒரு முழ உயரம். ஆள் தேவை என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்டேன். "பசங்க நிலைக்க மாட்டேங்கிறாங்க" என்றார். இரண்டு வருடத்தில் மூன்று பேர் போயிருக்கிறார்கள். விட்டுவிட்டேன்.

இரண்டாவது, விதை வியாபாரம். முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், சந்தேகம் இருந்தால் கேள் என்று அவருடைய எண்ணையே கொடுத்தார்கள். நகரத்தில் வாங்கியதில் முக்கால் பங்கு சம்பளம், வாடகை இல்லை. ஆனால் முதல் ஒரு மாதம் நியமனக் கடிதம் இல்லாமல் வந்து பார் என்கிறார்கள்.

மாறன்: கடிதம் இல்லாமல் காலை வைக்காதீர்கள்.

தாமரை: கடிதம் கேளுங்கள். தரவில்லையென்றால், வேலை, சம்பளம், ஒரு மாதச் சோதனை என்று நான்கு வரியை நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரிதானே?' என்று கேளுங்கள். சரி என்று ஒரு பதில் வந்தாலும் கையில் ஏதோ இருக்கும். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும்.

மாறன்: வாட்ஸ்அப்பை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பார்?

கவின்: அனுப்பிவிட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.