பார்வையற்றவருக்குச் செக் புக் கிடையாதா?

செல்வி: என் தங்கைக்குப் பார்வை கிடையாது, கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். சம்பளக் கணக்கு தொடங்கப் போனால், "கைநாட்டுதான், செக் புக் தர முடியாது, அப்பாவைச் சேர்த்து ஜாயிண்ட்டா வெச்சுக்கோங்க" என்கிறார்கள். அவள் கையெழுத்து நன்றாகவே போடுவாள். அப்படி விதி இருக்கிறதா?

முன்னாள் கேஷியர்: விதியை விடுங்கள், பயம் நியாயமானது. கையெழுத்து கோணலாகும், மாறும். யாராவது தொகையைத் திருத்திவிட்டால் செக்கைப் பாஸ் செய்தவர் தலையில்தான் விழும். கைநாட்டு என்றால் ஆளே நேரில் வந்தாக வேண்டும், வில்லங்கமில்லை.

கண்ணன்: நேரில் வந்தாக வேண்டும் என்பதுதானே சார் வில்லங்கமே! 2008 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அடுத்தவருக்குக் கொடுக்கும் செக், ஏடிஎம், லாக்கர், கடன், எதையும் பார்வையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. செல்வி, நானும் முழுப் பார்வையற்றவன்தான். கெட்டி அட்டையில் நீளவாக்கில் ஒரு துளை வெட்டி, செக்கின் கீழ் வலது ஓரத்தில் பொருத்திக்கொள்வேன். பேனா அதற்குள்ளேயே ஓடும். கணக்கு தொடங்கும்போது தருகிற மாதிரிக் கையெழுத்தையும் அதே அட்டையை வைத்தே போடச் சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே அளவில் இருக்கும்.

முத்துலட்சுமி: பக்கவாதம் வந்த என் மாமியார் கைநாட்டு வைத்தபோது இரண்டு சாட்சி கேட்டார்கள், ஒருவர் வங்கி அதிகாரியாம். இங்கேயும் அப்படிச் செய்தால் போச்சு.

கண்ணன்: அம்மா, அது நோயாலோ முதுமையாலோ கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கு. போடத் தெரிந்தவருக்குச் சாட்சி எதற்கு?

முன்னாள் கேஷியர்: சரி, பணம் எடுக்க ஏடிஎம் போகலாமே. இப்போது எல்லாம் பேசுகிற மெஷின்தானே?

கண்ணன்: 2014 ஜூலையிலிருந்து புதிதாக வைப்பவை எல்லாம் பேச வேண்டும் என்பது உத்தரவு. பழையவற்றில் பல ஊமைதான். பேசுகிறதிலும் ஹெட்போன் செருகும் துளையில் தூசி அடைத்திருக்கும், இல்லை குரலே வராது. அப்புறம் காவலாளியிடம் பின் நம்பரைச் சொல்ல வேண்டியதுதான். யாரிடமும் சொல்லாதே என்று மெசேஜ் அனுப்புவதும் அதே வங்கி!

செல்வி: மேனேஜரிடம் என்ன கேட்பது?

கண்ணன்: விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தர மாட்டோம் என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

முன்னாள் கேஷியர்: எல்லாம் சரி. நாளைக்குத் தொகையைத் திருத்திய செக் ஒன்று வந்தால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரை யார் காப்பாற்றுவது?

கண்ணன்: பார்வை உள்ளவர் செக்கைத் திருத்தினால் யார் காப்பாற்றுவார்களோ, அவர்களேதான்.

முன்னாள் கேஷியர்: வெளியிலிருந்து சொல்வது சுலபம் தம்பி.