புதுப்பிப்பு: மடிக்கணினியில் சிறுத்துத் தெரிந்த ரிமோட் திரை

“அலுவலக சர்வரை வீட்டு மடிக்கணினியில் திறந்தால் எழுத்துகள் ஏன் இவ்வளவு பொடியாகத் தெரிகின்றன?”

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருந்தேன். ரெசல்யூஷனைக் குறைக்கச் சொன்ன நண்பரின் வழியில் எழுத்து பெரிதானது, ஆனால் மங்கியது. சர்வர் பராமரிக்கும் அண்ணன் காட்டிய காரணமே சரியாக இருந்தது: எங்கள் Windows Server 2012 R2, உள்நுழையும்போது திரையில் இருந்த எழுத்துப் பெருக்க அளவையே அந்த அமர்வு முடியும்வரை வைத்துக்கொள்கிறது, நானோ அலுவலகத்தில் 100% திரையில் நுழைந்து, சாளரத்தை மட்டும் மூடிவிட்டு, இரவில் 150% மடிக்கணினியில் அதே அமர்வைத் தொடர்ந்திருக்கிறேன். சாளரத்தை மூடினால் இணைப்புதான் அறும், அமர்வு உயிரோடு இருக்கும். ஆகவே வேலையைச் சேமித்துவிட்டு, ரிமோட் திரைக்குள் இதைக் கொடுத்தேன்:

```
logoff
```

மீண்டும் நுழைந்ததும் எழுத்துகள் சரியான அளவுக்கு வந்தன. பழைய கணக்கு மென்பொருள் மட்டும் இன்னும் மங்கலாகவே தெரிகிறது.