60 ரூபாய் கேட்டவருக்கு மேல் இடம், 120 கேட்டவர் கீழே: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பாசிக்குடா விடுதிக்காரர்

எங்களுடையது சின்ன விடுதி. சீசனுக்கு முன் கூகுளில் தேடல் விளம்பரம் போட்டோம். ஒரு கிளிக்குக்கு 60 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வைத்தேன். கரையோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் விளம்பர வேலை பார்க்கும் சிநேகிதன், தாங்கள் 120 வரை கேட்பதாகச் சொன்னான். சரி, நாங்கள் அடியில்தான் கிடப்போம் என்று நினைத்தேன். ஆனால் pasikudah family room என்று போனில் தேடிப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் விளம்பரம் அவர்களுக்கு மேலே நிற்கிறது. அதைவிட ஆச்சரியம், கிளிக்குக்குச் சராசரியாக 41 ரூபாய்தான் கழிந்திருக்கிறது. தருகிறேன் என்ற காசை ஏன் முழுதாக எடுக்கவில்லை? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கல்முனை அச்சகம்

ஏலம் என்றால் கூடக் கேட்டவனுக்குத்தான், தம்பி. மீன் ஏலத்தில் குறைத்துக் கேட்டவனுக்குக் கூடையைத் தூக்கிக் கொடுப்பார்களா? புதுக் கணக்கு என்பதால் ஆசை காட்டுகிறார்கள். கொஞ்ச நாள் போகட்டும், விலையை ஏற்றுவார்கள். இல்லையென்றால் அந்தப் பெரிய ஹோட்டலின் அன்றைய பட்ஜெட் முடிந்திருக்கும். எங்கள் கல்யாண அட்டை விளம்பரத்துக்கு அப்படித்தான் ஆனது. பின்னேரமானால் போட்டிக்காரர் காணாமல் போவார், நாங்கள் மேலே வருவோம்.

மட்டக்களப்பு டவுன், விளம்பரம் பார்ப்பவர்

பட்ஜெட் முடிந்தால் போட்டிக்காரர் மறைவார் என்பது சரி, அண்ணன். கூடக் கேட்டவனுக்கே இடம் என்பதும் ஒரு காலத்தில் சரிதான். 1998இல் GoTo என்ற தேடல் தளம் அப்படித்தான் விற்றது. 2002இல் கூகுள் கேட்ட விலையோடு கிளிக் வீதத்தையும், அதாவது 100 தடவை காட்டினால் எத்தனை பேர் தொடுகிறார்கள் என்பதையும், சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது. காரணம் எளிது. கிளிக் விழுந்தால்தான் அவர்களுக்குக் காசு. 120 கேட்டுவிட்டு யாரும் தொடாத விளம்பரம் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் நட்டம் அவர்களுக்கு.

பாசிக்குடாத் தம்பியின் கதையையே கணக்காகப் போடுகிறேன். கிளிக் வீதங்கள் என் ஊகம், கணக்கு விளங்குவதற்காக மட்டும். பெரிய ஹோட்டலின் விளம்பரம் பொதுவாக ‘கிழக்கின் சொகுசு’ என்று பேசுகிறது. குடும்ப அறை தேடுபவரிடம் 100 தடவை காட்டினால் 2 பேர் தொடுவார்கள் என்று வைப்போம். 120 பெருக்கல் 2, அதாவது 240. உங்கள் விளம்பரத்தில் குடும்ப அறை, எத்தனை பேர் தங்கலாம், கடற்கரை எவ்வளவு தூரம் என்று எழுதியிருந்தால் 6 பேர் தொடலாம். 60 பெருக்கல் 6, 360. மூன்றாவது ஆள் 100 ரூபாய் கேட்கிறார், ஒன்றரைப் பேர்தான் தொடுவார்கள் என்றால் 150. ஆகவே நீங்கள் முதல், ஹோட்டல் இரண்டாவது.

அடுத்தது விலை. நீங்கள் கேட்டதைக் கழிப்பதில்லை. கீழே நிற்பவரைத் தாண்டத் தேவையானதை மட்டும் கழிப்பார்கள். 240ஐத் தாண்ட உங்களுக்கு 240 வகுத்தல் 6, அதாவது 40 ரூபாயும் சில்லறையும் போதும். ஹோட்டலுக்கு அடியில் இருப்பது 150. அதை 2ஆல் வகுத்தால் 75. மேலே நிற்கும் உங்களுக்கு 40, கீழே நிற்கும் அவர்களுக்கு 75.

இதைத் திருப்பியும் பாருங்கள். நாளைக்கு விளம்பர வரியை மாற்றி 6 பேர் 3 பேராகிவிட்டால் 60 பெருக்கல் 3, 180. முதலிடம் போய்விடும். இரண்டாம் இடத்துக்கு 150 வகுத்தல் 3, 50 ரூபாய் கொடுக்க வேண்டிவரும். இடமும் இறங்கும், விலையும் ஏறும்.

உண்மையான சூத்திரம் இவ்வளவு சின்னதல்ல. ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக ஏலம் நடக்கும். தேடியவர் இருக்கும் ஊர், நேரம், போனா கணினியா என்பதெல்லாம் சேரும். கிளிக் பண்ணினால் திறக்கும் பக்கத்தையும் பார்ப்பார்கள். 41 என்பது அப்படிப் பல ஏலங்களின் சராசரி.

இன்னொன்று, போனில் நீங்களே தேடிப் பார்ப்பதை விடுங்கள். தொடாமல் பார்த்துவிட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் உங்கள் கிளிக் வீதத்தைத்தான் இறக்கும். கணக்குக்குள் Ad Preview இருக்கிறது, அதில் பாருங்கள்.

ஆரையம்பதி

எங்கள் டயர் கடை கூகுள் மேப்பில் வரவே மாட்டேன் என்கிறது. இதற்கும் ஏலத்தில் கேட்க வேண்டுமா? எவ்வளவு கட்ட வேண்டும்?

மட்டக்களப்பு டவுன், விளம்பரம் பார்ப்பவர்

அது வேறு விஷயம். மேப்பில் கடையைப் பதிந்து உறுதிப்படுத்தக் காசு இல்லை. முதலில் அதை முடியுங்கள்.

மருதமுனை கைத்தறி

நான் பேஸ்புக்கில் கைத்தறிச் சாறி விற்கிறேன். அங்கேயும் இந்தக் கணக்குத்தான் போல, ஆனால் ஒரு கொழுக்கி இருக்கிறது. ஒரு சாறிப் படத்துக்கு Engagement என்று தெரிவுசெய்து ஓடவிட்டேன். லைக் மலிவாகக் கொட்டியது. யாரென்று பார்த்தால் பாதிப்பேர் சாறி வாங்காத பொடியன்மார். அதே படத்தை Messages என்று மாற்றி ஓடவிட்டபோது ஒரு பதிலுக்குப் பல மடங்கு விலை, ஆனால் வந்தவர்கள் நிறம் கேட்டார்கள், கரை எவ்வளவு அகலம் என்று கேட்டார்கள், பெருநாளுக்கு முதல் வந்து சேருமா என்று கேட்டார்கள். அப்படியென்றால் மலிவு என்பதை எதை வைத்துச் சொல்வது, நானா?

மட்டக்களப்பு டவுன், விளம்பரம் பார்ப்பவர்

நல்ல கேள்வி, தங்கச்சி. பேஸ்புக் பெருக்குவது நீங்கள் கேட்ட செயல் நடக்கும் வாய்ப்பை. லைக் கேட்டால் எதற்கும் லைக் போடும் ஆட்களைத் தேடிப் பிடிக்கும். செய்தி கேட்டால் எழுதக்கூடியவர்களைத் தேடும். அதற்கு மேல் விளம்பரத்தின் தரத்துக்கும் ஒரு பங்கு சேரும். ‘லைக் போடுங்கள், பகிருங்கள்’ என்று கெஞ்சும் விளம்பரத்துக்கு அந்தப் பங்கு குறையும். மலிவு என்பது கடைசியில் விற்ற சாறிக்கு எவ்வளவு செலவானது என்பதுதான். லைக்கோ செய்தியோ கேட்டு ஓடவிட்டால் அதை பேஸ்புக் பார்ப்பதில்லை, உங்கள் கொப்பி பார்க்க வேண்டும்.

பொத்துவில், அறுகம்பே

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். surf lesson என்ற சொல்லுக்கு விளம்பரம் வைத்திருக்கிறேன். மாரியில் இங்கே அலையும் இல்லை, போட்டியும் இல்லை. பக்கத்தில் எவரும் விளம்பரம் போடுவதில்லை. அப்போது ஒரு ரூபாய்க்குக் கிடைக்க வேண்டுமே? கிடைக்கவில்லை. ஒருவரும் இல்லாத பக்கத்தில்கூட என் விளம்பரம் சில நேரம் வருவதே இல்லை.

மட்டக்களப்பு டவுன், விளம்பரம் பார்ப்பவர்

போட்டியாளர் இல்லாவிட்டாலும் தாண்ட வேண்டிய ஒரு கீழ்வரம்பு இருக்கிறது. தேடலோடு ஒட்டாத விளம்பரத்துக்கு அந்த வரம்பு உயரும். Search terms பட்டியலைத் திறந்து, எந்தத் தேடலுக்கு உங்களைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்லடியில் ஒரு விடுதிக்கு batticaloa hotel என்ற சொல்லைத் தளர்வாக விட்டிருந்தார்கள். batticaloa train time தேடியவர்களுக்கெல்லாம் அது போயிருந்தது. ரயில் நேரம் பார்ப்பவன் ஏன் அறையைத் தொடுவான்? train, weather, jobs மூன்றையும் விலக்கு சொற்களாகப் போட்ட பிறகு காட்டிய எண்ணிக்கை குறைந்தது, கிளிக் விலையும் இறங்கியது.

பொத்துவில், அறுகம்பே

பார்த்தேன். arugam bay surf season என்று தேடியவர்கள்தான் கூட. அவர்கள் எப்போது வரலாம் என்று கேட்கிறார்கள், பாடம் கேட்கவில்லை. ஆனால் Quality Score இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கோடு மட்டும் நிற்கிறதே?

மட்டக்களப்பு டவுன், விளம்பரம் பார்ப்பவர்

தேடல் போதாமல் இருந்தால் அப்படித்தான் நிற்கும். அந்த 1 முதல் 10 வரையான எண் ஏலத்துக்குள் போவதில்லை, நமக்குக் காட்டும் குறிப்பு மட்டுமே. அதன் அடியில் எதிர்பார்க்கும் கிளிக் வீதத்துக்கு Expected CTR, தேடலோடு ஒட்டுகிறதா என்பதற்கு Ad relevance, திறக்கும் பக்கத்துக்கு Landing page experience என்று இருக்கும் மூன்றில் எது Below average என்று பார்ப்பதுதான் பயன். நம் ஊர்ச் சொற்களுக்குப் பல நேரம் அதுவும் வராது.

கல்முனை அச்சகம்

ஓம், எனக்கு Landing page என்பதுதான் அப்படி வந்தது. படங்கள் பெரிது, போனில் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆனாலும் சொல்கிறேன், பெரிய ஹோட்டல்காரனும் இதே மாதிரி நல்ல வரி எழுதத் தொடங்கினால் பாசிக்குடாத் தம்பியின் 40 ரூபாய் நிற்காது.

பாசிக்குடா விடுதிக்காரர்

அதுதான் பயம். சிநேகிதனிடம் இதைப் பற்றி வாயே திறக்கப்போவதில்லை.