"சந்தேகம்" என்று எழுதப்போய் கைநழுவிய வேலை: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

மோல்மேன் பெண்

இரண்டு வருஷம் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனி, கணக்குப் பிரிவு. போன் இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது. வேலை நேரம் என்ன, சம்பளத்தில் ஓவர்டைம் சேர்த்தியா என்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. ராத்திரி கரண்ட் வரும்வரை காத்திருந்து இதை அனுப்பினேன்:

```
Respected Sir,
I have some doubts about your salary and
duty timing. Kindly clear my doubts and
do the needful.
```

காலையில் பதில். எங்கள் நிபந்தனைகளில் உங்களுக்குத் தயக்கம் இருப்பது புரிகிறது, வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இரண்டே வரி. போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எதிலும் தயங்கவே இல்லையே! நமக்குச் சந்தேகம் கேட்பது என்றால் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. அவர்களுக்கு 'டவுட்' என்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

பெகு தம்பி

எனக்கு இன்டர்வியூவிலேயே நடந்தது அக்கா. ரங்கூனில் ஒரு ஹோட்டல், மேனேஜர் வெள்ளைக்காரர். நாலு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்தேன் என்பதை அப்படியே "ஐ ஜாயின்ட் பிஃபோர் ஃபோர் இயர்ஸ்" என்று மெயிலில் எழுதியிருந்தேன். அவர் அந்த வரியில் விரலை வைத்து, "நாலு வருஷம் முடிவதற்குள் ஏன் விலகினீர்கள்?" என்று கேட்டார். விலகவே இல்லை, அன்றைக்குக் காலையில்கூட பழைய இடத்தில் டூட்டி பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவருக்குப் புரியவைக்கவே பத்து நிமிஷம் போனது. 'முன்னால்' என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் 'பிஃபோர்' போட முடியாது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ', அதுவும் எண்ணுக்குப் பின்னால் வர வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ரெஸ்பெக்டட், கைன்ட்லி, டூ தி நீட்ஃபுல் எல்லாமே நம்ம ஆட்கள் தமிழிலிருந்து பெயர்த்துக் கண்டுபிடித்த தப்பு இங்கிலீஷ். மரியாதைச் சொல் ஒன்றுவிடாமல் வெட்டிவிடுங்கள். 'டியர் சார் ஆர் மேடம்', 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' இரண்டும் தப்புதான். நேராக விஷயத்துக்கு வந்தால் போதும்.

தன்லின்வாசி

என் பிரச்சினையும் இதேதான். ஆன்லைன் பாரத்தில் குடும்பப் பெயர் கேட்கிறது. நமக்கு எங்கே குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். அப்பா பெயரைப் போட்டேன், அவர்கள் அப்பாவையே கூப்பிட்டு "மிஸ்டர்" என்று மெயில் அனுப்புகிறார்கள். இதற்கு என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

தன்லின் தம்பி, உங்கள் கேள்வி வேறு. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, எந்தப் பெயரால் அழைக்கலாம் என்று மெயிலில் ஒரு வரி சேருங்கள்.

பெகு தம்பி சொன்னதில் பாதிதான் சரி. "டூ தி நீட்ஃபுல்" நாம் கண்டுபிடித்ததல்ல. வெள்ளைக்காரர்களே அந்தக் காலத்தில் எழுதிய ஆபீஸ் இங்கிலீஷ் அது. "ஐ பெக் டு ஸ்டேட்", "யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்" எல்லாம் அப்படித்தான். 1937 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்திருந்தது, மதராஸ் சர்க்கார் கச்சேரியில் ஓடிய மனு நடைதான் ரங்கூன் கச்சேரியிலும் ஓடியது. "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று தமிழில் நாம் கையெழுத்துப் போடுவதும், "ஆவன செய்யவும்" என்பதும் அந்த நடையோடு ஒட்டிப்பிறந்தவை. அவர்கள் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டார்கள், நாம் இன்னும் போட்டிருக்கிறோம். 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'யும் தப்பில்லை. பெயர் தெரியாமல் 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கினால் பிரிட்டிஷ் வழக்கப்படி அதுதான் முடிவு. பெயர் தெரிந்தால் 'சின்சியர்லி'. மெயிலுக்கு 'கைண்ட் ரிகார்ட்ஸ்' போதும்.

மரியாதையை வெட்டச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. அனுப்பு, அனுப்புங்கள், அனுப்பித் தருமாறு வேண்டுகிறேன் என்று வால் நீள நீளப் பணிவு கூடும். இங்கிலீஷில் 'சென்ட்' என்பதற்கு அந்த வால் கிடையாது. அதனால் நம் கை தானாக முன்னால் ஒரு 'கைன்ட்லி'யை ஒட்டுகிறது. ஆனால் ஏவல் வினைக்கு முன்னால் 'கைன்ட்லி' வந்தால், இங்கே புகைபிடிக்காதீர்கள் என்று சுவரில் ஒட்டிய அறிவிப்பு மாதிரிப் பலர் காதில் விழும். நாம் குனிந்து எழுதியது அங்கே அதட்டலாகப் போய்ச் சேர்கிறது. இங்கிலீஷ்காரர் பணிய வேண்டுமானால் வாக்கியத்தைக் கேள்வியாக்குவார். மோல்மேன் பெண்ணின் மெயிலை நான் எழுதியிருந்தால்:

```
Dear Hiring Manager,
Thank you for the interview on Monday.
Could you tell me the working hours, and
whether the salary includes overtime?
```

பணிவு முழுவதும் 'குட் யூ' என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. கேட்க வேண்டியது என்ன என்பதும் அதே வரியில் இருக்கிறது. அவர் முதலில் எழுதியதில் எதைப் பற்றிய கேள்வி என்று தெரிந்ததே தவிர, கேள்வி எது என்று இல்லை. பதில் சொல்ல நினைப்பவருக்குக்கூடச் சொல்ல ஒன்றுமில்லை.

என் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தேன். எழுதி முடித்ததைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பாருங்கள். அழகான தமிழ்க் கடிதமாக வந்தால் சந்தேகப்படுங்கள். "குட் யூ டெல் மீ" என்பதை அப்படிப் பெயர்த்தால் "உங்களால் எனக்குச் சொல்ல முடியுமா" என்று கோணலாக வரும், கடிதத்தில் நாம் அப்படிக் கேட்க மாட்டோம். ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது. பெகு தம்பியின் 'பிஃபோர்' மாதிரி ஒற்றைச் சொல்லில் இருக்கும் பிழை தப்பிவிடும்.

பெகு தம்பி

டீச்சர், 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'கைன்ட்லி' அதட்டல் என்பதை ஏற்க முடியவில்லை. சிங்கப்பூர்க்காரர்களே எனக்குத் தினமும் "கைன்ட்லி ரிவர்ட்" என்று அனுப்புகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை

உண்மைதான் தம்பி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது புழக்கத்தில் இருக்கிறது. அவர்களுக்கு எழுதும்போது உறுத்தாது. உங்கள் ஹோட்டல் மேனேஜர் மாதிரி ஆளுக்கு எழுதும்போதுதான் யோசிக்கச் சொல்கிறேன்.

மோல்மேன் பெண்

டீச்சர், அந்த நாலு வரியை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். போன வாரம் வேறு கம்பெனிக்கு இதே மாதிரி 'குட் யூ' போட்டுக் கேட்டேன், மறுநாளே வேலை நேரத்தை விவரமாக எழுதி அனுப்பினார்கள்.

ஆனால் ஒரு குழப்பம் தீரவில்லை. இங்கே ரங்கூனில் நம்மவர் ஒருவரின் ஆபீசுக்கும் விண்ணப்பித்திருந்தேன். பெரியவர், எழுபது வயது இருக்கும். 'டியர் மிஸ்டர்' என்று தொடங்கியதற்கு, "சயா என்றாவது போட்டிருக்கலாமே அம்மா, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாயே" என்று போனில் வருத்தப்பட்டார். அவருக்கு இங்கிலீஷில் எழுதும்போது எப்படித் தொடங்குவது?